கொட்டேஷன் கேட்கும்போது செய்யும் தவறுகள்: ஓர் அட்டைப்பெட்டி உதாரணம்

"5 பிளை பெட்டி, 400 x 300 x 250, 2,000 எண்ணம், ரேட் அனுப்பவும்." பல சிறு தொழிற்கூடங்களிலிருந்து போகும் கொட்டேஷன் கோரிக்கை இவ்வளவுதான். மூன்று பேரிடமிருந்து 36, 38, 41 ரூபாய் என்று பதில் வரும். 36தான் மலிவு என்று தோன்றும். ஆனால் மூவரும் விலை சொன்னது மூன்று வேறு பெட்டிகளுக்கு.

முதல் தவறு அளவிலேயே இருக்கிறது. 400 என்பது உள்ளளவா, வெளியளவா? 5 பிளை அட்டையின் தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 12. வெளியளவாக எடுத்துக்கொண்டவர் செய்யும் பெட்டிக்குள் உங்கள் பொருள் நுழையாது. எனவே மில்லிமீட்டர், உள்ளளவு என்று எழுதிவிடுங்கள்.

இதைவிடப் பெரியது பேப்பர். 5 பிளை என்பது அடுக்குகளின் எண்ணிக்கைதான், வலிமை அல்ல. வெளித்தாள் 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், மற்ற நான்கும் 150 என்று போட்டால் இந்த அளவுப் பெட்டி ஏறக்குறைய 720 கிராம் வரும். ஐந்திலும் 120 போட்டால் 560 கிராம்தான். 36 ரூபாய்க்காரர் எதைக் குறைத்தார் என்று இப்போது புரியும். ஒவ்வொரு அடுக்கின் ஜிஎஸ்எம், பேப்பர் எவ்வளவு அழுத்தத்தைக் கிழியாமல் தாங்கும் என்று காட்டும் பர்ஸ்டிங் ஃபேக்டர், காலிப் பெட்டியின் எடை (கூட்டல் கழித்தல் 5 சதவீதம்) மூன்றையும் கேளுங்கள். எடையைச் சரக்கு வந்ததும் தராசில் வைத்தே பார்த்துவிடலாம். ஆனால் ஈரம் ஏறிய அட்டையும் கனக்கும், அதனால் எடையை மட்டும் நம்பக் கூடாது.

சரி, மீதி இருவரும் ஒரே பேப்பர்தான் என்று வைத்துக்கொள்வோம். 38 சொன்னவரின் விலை அவர் ஆலை வாசலோடு சரி. லாரி வாடகை 4,000, பிரிண்டிங் பிளாக் 5,000 தனி. 2,000 பெட்டிக்குப் பகிர்ந்தால் பெட்டிக்கு 4.50 கூடி 42.50 ஆகிறது. 41 சொன்னவர் எல்லாம் சேர்த்து உங்கள் கிடங்கில் இறக்கித் தருகிறார். அடுத்த ஆர்டருக்கு பிளாக் செலவு இருக்காது, அப்போது 38 சொன்னவரின் விலை 40 ஆகிவிடும். ஆகவே பிளாக்கை ஒருமுறைச் செலவாகத் தனி வரியில் கேட்பதே நல்லது.

இதற்கெல்லாம் விலைப் பட்டியலை நீங்களே கட்டம் போட்டு அனுப்புங்கள்: பெட்டி விலை, பிளாக், கிடங்கு வரை லாரி வாடகை, ஜிஎஸ்டி. அவரவர் லெட்டர்பேடில் எழுதச் சொன்னால் ஒருவர் வரியைச் சேர்ப்பார், ஒருவர் "எக்ஸ்ட்ரா" என்று மட்டும் போடுவார்.

பணம் தரும் கெடுவையும் நீங்களே சொல்லுங்கள். ஒருவர் பாதி அட்வான்ஸ், இன்னொருவர் 30 நாள் கடன் என்றால் விலைகளை ஒப்பிட முடியாது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் கெடு வைக்கச் சட்டம் இடம் தராது.

அப்புறம், கிராஃப்ட் பேப்பர் விலை ஏறி இறங்கும். விலை எந்தத் தேதிவரை செல்லும் என்பதை எல்லோருக்கும் ஒரே தேதியாகக் குறிப்பிடுங்கள். நடுவில் ஒருவர் போனில் சந்தேகம் கேட்டால், அந்தப் பதிலை மற்ற இருவருக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.