-0.75 என்றால் என்ன? ஏசியன் ஹேண்டிகேப், ஓவர்/அண்டர் கணக்கு

கால்பந்தில் முக்கால் கோல் என்று ஒன்று கிடையாது. ஆனால் கால்பந்துப் பந்தயத்தில் வரும் ஏசியன் ஹேண்டிகேப்பில் -0.75 என்று ஒரு லைன் இருக்கும்; லைன் என்பது ஓர் அணியின் கோலோடு சேர்த்துப் பார்க்கும் எண். நான் பல நாள் குழம்பி நின்றது அங்கேதான்.

2024 யூரோ இறுதிப்போட்டியை எடுத்துக்கொள்வோம்: ஸ்பெயின் 2, இங்கிலாந்து 1. லைனும், ஜெயித்தால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்று சொல்லும் ஆட்ஸும் மட்டும் உதாரணத்துக்காக நான் வைத்தவை.

முதலில் முழு எண்ணும் அரையும். நீங்கள் எடுத்த அணியின் கோலோடு லைனைச் சேருங்கள், அவ்வளவுதான். ஸ்பெயின் -0.5 என்றால் 1.5க்கு 1, வெற்றி. -1 என்றால் 1க்கு 1, சமம், கட்டிய பணம் அப்படியே திரும்பிவிடும். -1.5 என்றால் தோல்வி.

அடுத்து கால், முக்கால். -0.75 என்பது தனி லைனே அல்ல. உங்கள் பணத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை -0.5இலும் மறு பாதியை -1இலும் வைக்கிறார்கள். சில தளங்களில் இதையே `-0.5/1` என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. 1.90 ஆட்ஸில் 100 ரூபாய் என்று வைத்து, காகிதத்தில் இரண்டு வரியாக எழுதிப் பாருங்கள்:

```
-0.5 : 50 x 1.90 = 95
-1   : 50 (திரும்பியது)
கையில் = 145
```

லாபம் 45. ஸ்பெயின் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தால் கையில் 190 வந்திருக்கும். ஒயர்சபால் 86-வது நிமிடத்தில் அடித்த கோல் விழாமல் 1-1 என்றே முடிந்திருந்தால் இரண்டு பாதியும் போயிருக்கும்.

மொத்தக் கோல் லைனுக்கு மேலே போகுமா, கீழே நிற்குமா என்று கட்டும் ஓவர்/அண்டருக்கும் இதே கணக்குதான், ஆனால் யார் ஜெயித்தார்கள் என்பது வேண்டாம், இரு அணிகளின் கோல்களையும் கூட்டினால் போதும். இங்கே மொத்தம் 3. ஓவர் 2.5 வெற்றி, ஓவர் 3 பணம் வாபஸ், ஓவர் 2.75 எடுத்தவருக்கு மேலே பார்த்த அதே 145. அண்டர் 2.75 எடுத்தவருக்குப் பாதி போய் 50 திரும்பும்.

ஆட்ஸ் காட்டும் முறையை, மேலே போட்ட 1.90 போல வரும் டெசிமலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஹாங்காங் முறையில் 0.90 என்று லாபத்தை மட்டும் காட்டுவார்கள், மலாய் முறையில் மைனஸ் எண்ணே வரும், புதிதாகப் பார்ப்பவருக்கு இரண்டுமே வேண்டாம்.

பின்சேர்க்கை: 2022 உலகக் கோப்பை இறுதிப்போட்டி 3-3 ஆயிற்றே, ஓவர் 4.5 ஏன் தோற்றது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வழக்கமான லைன்கள் 90 நிமிடத்தோடும் அதையொட்டிய இஞ்சுரி டைமோடும் முடிந்துவிடும். கூடுதல் நேரமும் பெனால்டி ஷூட் அவுட்டும் கணக்கில் வராது. அப்போது ஸ்கோர் 2-2, மொத்தம் 4 கோல்தான். அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியும் அர்ஜென்டினா -0.25 எடுத்தவருக்குப் பாதிப் பணம் போனது இதனால்தான்: 0இல் இருந்த பாதி திரும்பும், -0.5இல் இருந்த பாதி போய்விடும்.