ஆஸ்பத்திரிக்குத் தூக்குச்சட்டியோடு கிளம்பும் முன் வார்டுக்கு ஒரு போன் போடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறவரை வெறுங்கையோடு பார்க்கப் போவது நம்ம ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். அப்பச்சி காரைக்குடியில் படுத்திருந்தபோது எங்கள் வீட்டு வயர் கூடையில் பிளாஸ்க், சொம்பு, பாய் எல்லாம் போகும், வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் அடுக்குவார்கள், ராத்திரி துணைக்கு ஒரு ஆள் கீழே படுத்துக்கொள்வார். இங்கே துணைக்குப் படுக்க அநேகமாக விடமாட்டார்கள். பார்வை நேரம் உண்டு, கட்டிலைச் சுற்றி ரெண்டு பேர் என்கிற மாதிரி கணக்கும் உண்டு. வாசலில் கையைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே போக வேண்டும். இதெல்லாம் ரெண்டு நாளில் பழகிவிடும். பழகாமல் என்னை அடித்தது சாப்பாடு.

என் சிநேகிதன் தேவகோட்டைக்காரன். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, முதல் கீமோவுக்காகத் தனி அறையில் சேர்த்தார்கள், நாலு வாரத்துக்குக் குறையாது என்றார்கள். அவன் மனைவி விசாவுக்காக ஊரில் காத்திருந்தார். அவன் ஆத்தா எனக்கு தினமும் போன். "தம்பி, அந்த ரொட்டியைத் தின்னுட்டு எப்படிப்பா இருப்பான், ஒரு வாய் தயிர்ச்சோறாவது கொண்டுபோய்க் குடுப்பா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தயிர்ச்சோறு பிசைந்து, மாதுளை முத்து போட்டு, மேலே மிளகுப்பொடி தூவி, நார்த்தங்காய் ஊறுகாயோடு தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டேன். தமிழ்க் கடையில் ஒரு முழம் மல்லிகை கிடைத்தது, அதையும் வாங்கினேன். ரெண்டு பஸ் மாறி, பார்வை நேரத்துக்காகக் காத்திருந்து அவன் கையில் கொடுக்கும்போது நாலு மணி நேரம் ஆகியிருந்தது. பூவை வாசலிலேயே நர்ஸ் வாங்கிக்கொண்டார். தூக்குச்சட்டியை அவர் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

அன்று ராத்திரி அவனுக்கு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல். கீமோ நோயாளிக்கு அந்த அளவு வந்துவிட்டாலே அவசரநிலை, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்று இங்கே விதி. ரத்தத்தைச் சோதித்ததில் எந்தக் கிருமியும் அகப்படவில்லை, சோறுதான் காரணம் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் மறுநாள் வார்டு சிஸ்டர் என்னை உட்காரவைத்து விளக்கியபோது எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது.

அவர் சொன்னது இதுதான். கிருமியோடு முதலில் சண்டை போடுகிற வெள்ளணுவுக்கு நியூட்ரோஃபில் என்று பேர். ஒரு லிட்டர் ரத்தத்துக்கு இத்தனை நூறு கோடி என்கிற கணக்கில், பொதுவாக அதன் எண்ணிக்கை 2க்கு மேல் இருக்கும். இந்த மாதிரி கீமோவில் 0.5க்குக் கீழே இறங்கி ரெண்டு மூணு வாரம் அங்கேயே கிடக்கும், அதை நியூட்ரோபீனியா என்கிறார்கள். அந்த நாட்களில் நம் வயிறு சும்மா கடந்துபோகிற கிருமிகூட அவருக்கு ஆபத்து. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது, வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் முளைத்துப் பெருகும், அது கக்குகிற ஒரு நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. வீட்டில் செய்கிற தயிரில் உயிருள்ள கிருமி. மிளகுப்பொடியை வெந்த பிறகு தூவினால் அதிலிருக்கிற பூஞ்சை வித்து அப்படியே உள்ளே போகும். குழம்போடு கொதித்துவிட்டால் அந்தப் பயம் குறைவு. என் தூக்குச்சட்டியில் இது மூன்றுமே இருந்தன.

பூவும் இதே கதைதான். ஈரமும் மண்ணும் பட்ட பூ, இலை, ஜாடித் தண்ணீர் எல்லாவற்றிலும் கிருமியும் பூஞ்சையும் இருக்கும். அதனால் கீமோ வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பூவை விடுவதில்லை, பிள்ளையார்பட்டியிலிருந்து வந்த அருகம்புல்லானாலும் சரி. விபூதிப் பொட்டலத்தை ஒட்டின பையோடு அவன் கண்ணில் படும்படி வைக்க மட்டும் சம்மதித்தார்கள், பிரிக்கக்கூடாது என்று. ஊதுபத்தி, விளக்கு எங்கேயும் கிடையாது, ஆக்சிஜன் ஓடுகிற இடம். தட்டணு ஏறும் என்று யாராவது பப்பாளி இலைச் சாறு கொடுத்தனுப்பினால் வாங்காதீர்கள். அது பச்சைச் சாறு, மருந்தோடு சேர்ந்து என்ன செய்யுமென்று டாக்டரால்கூடச் சொல்ல முடியாது. லேகியம், கஷாயத்துக்கும் இதே பதில்.

அதனால் கிளம்பும் முன் வார்டுக்குப் போன் செய்யுங்கள். நோயைப் பற்றிக் கேட்டால் சொல்லமாட்டார்கள். "அவருக்கு என்ன சாப்பாடு கொண்டுவரலாம், பூவுக்கு அனுமதி உண்டா" என்று கேட்டால் சொல்வார்கள். வார்டுக்கு வார்டு விதி மாறும். பழம், பச்சைக் காய்கறியை அடியோடு நிறுத்துவதால் தொற்று குறைகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று பல இடங்களில் இப்போது தளர்த்திவிட்டார்கள். ஆனால் ஆறிக் கிடந்த சோற்றுக்கு எங்கேயும் தளர்வு இல்லை. எங்கள் வார்டில் தோலுரிக்கிற வாழைப்பழம், ஆரஞ்சு, ஒரு வேளைக்கான சின்னச் சின்னப் பாக்கெட்டில் கடைப் பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் சரி என்றார்கள். பெரிய பாக்கெட்டைப் பிரித்து நாலு நாள் கைவிட்டு எடுக்கக்கூடாது. சூடு பண்ணித் தரவும் மாட்டார்கள்.

சாப்பாடு இல்லாமல் என்னதான் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். நெஞ்சில் குழாய் பொருத்தியிருப்பதால் முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை ரெண்டு. வழுக்காத செருப்பு. முடி கொட்டிய தலைக்குப் பருத்தித் தொப்பி, வாய்ப்புண் வரும் என்பதால் மிக மென்மையான பல் துலக்கி. நீளமான போன் ஒயர் ரொம்ப முக்கியம், பிளக் கட்டிலிலிருந்து எட்டாது. சார்ஜரை முதலில் நர்ஸிடம் காட்டிவிடுங்கள், கரண்டில் ஓடுகிற சாமானைச் சோதிக்காமல் சில இடங்களில் போட விடமாட்டார்கள். அவன் ஆத்தா அனுப்பிய பழைய கண்டாங்கிச் சேலையைச் சுடுதண்ணீரில் துவைத்துக் காயவைத்துக் கொண்டுபோனேன். நான் கொடுத்த எல்லாவற்றையும்விட அதைத்தான் நாலு வாரமும் போர்த்திக்கொண்டு கிடந்தான்.

உங்களுக்குச் சளி, இருமல் இருந்தால் போகவே போகாதீர்கள். வாந்தி, பேதி வந்திருந்தால் நின்று 48 மணி நேரம் கழியட்டும். வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தால் வார்டில் கேட்காமல் வாசற்படி மிதிக்கக்கூடாது. வீடியோ காலில் பேசுங்கள், ஆத்தாவையும் சேர்த்துக்கொண்டு.

ஐந்தாவது வாரம் அவன் நியூட்ரோஃபில் எண்ணிக்கை 1ஐத் தாண்டியது. பணியாரம் கொண்டுவரலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன், அப்போதே பொரித்துச் சூடாகக் கொண்டுவந்தால் சரி, துவையல் மட்டும் வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்பில் வெள்ளைப் பணியாரம் ஊற்றி, பத்து நிமிடத்தில் அவன் கட்டிலில் வைத்தேன். துவையல் எங்கே என்று ஒரு தடவை கேட்டான், அப்புறம் நாலையும் தின்றான்.