பயணத்தில் கேட்கும் பாட்காஸ்ட்: முதல் வரியும் கடைசி வரியும் எழுதுவது எப்படி?

தாம்பரத்தில் ரயில் ஏறி கிண்டியில் இறங்குகிறவர், உங்கள் எபிசோடை ஒரே மூச்சில் கேட்டு முடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இறங்கும்போது நிறுத்துவார். மாலையில் திரும்பும்போது ஆப் விட்ட இடத்திலிருந்து தொடரும். உங்கள் தொடக்கத்தை அவர் காலை எட்டரைக்கும் முடிவை மாலை ஆறரைக்கும் கேட்கிறார். நடுவே ஒரு முழு அலுவலக நாள் இருக்கிறது. தனியாக ஒருவர் பேசும் பாட்காஸ்டில் இடையில் குறுக்கிட்டு ‘எங்கே விட்டோம்?’ என்று கேட்க இன்னொரு குரலும் கிடையாது. ஆகவே அந்த இடைவெளியைத் தாங்கும் வேலை முதல் வரிகளுக்கும் கடைசி வரிகளுக்கும்தான்.

ஓர் எபிசோடை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். நீளம் இருபது நிமிடம். பொருள், சென்னையின் முதல் ரயில் நிலையம்.

படி 1: எபிசோடை ஒரு கேள்வியாக்குங்கள்

‘சென்னை ரயில்களின் வரலாறு’ என்பது தலைப்பு. அதை யாரும் மாலைவரை மனத்தில் சுமந்து திரிய மாட்டார்கள். உங்கள் குறிப்புகளில் எங்கே ஏதோ இடிக்கிறது என்று தேடுங்கள். சென்னையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1856இல். சென்ட்ரல் நிலையம் வந்ததோ 1873இல். அப்படியானால் நடுவில் 17 ஆண்டுகள் மக்கள் எங்கே போய் ரயில் ஏறினார்கள்? இது கேள்வி. பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரே மூச்சில் கேட்க முடிந்தால் அது போதும். இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தால் இன்னும் தலைப்பாகத்தான் இருக்கிறது.

படி 2: முதல் இருபது நொடியை எழுதுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களின் தொடக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“வணக்கம் நேயர்களே! இன்றைய எபிசோடில், 1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இயக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை என்ற பெருமைக்குரிய, பலரும் அறிந்திராத ஒரு பயணத்தைப் பற்றிப் பார்க்க இருக்கிறோம்.”

தாளில் படித்தால் குறையில்லை. காதுக்கு இது சுமை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ‘இயக்கப்பட்ட’, ‘பெருமைக்குரிய’, ‘அறிந்திராத’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், எதைப் பற்றிய பேச்சு என்று தெரியும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் மனத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பியைப் பிடித்தபடி கூட்டத்தில் நிற்பவருக்கு அது நடக்காது. போதாக்குறைக்கு விடையான ராயபுரத்தையும் முதல் வரியிலேயே கொடுத்தாயிற்று. ‘நேயர்களே’ என்ற பன்மையும் வேண்டாம். இயர்போனுக்குள் இருப்பது ஒருவர்தான். அதே எபிசோட், இப்படி:

“சென்னையில் ரயில் ஏற வேண்டும். ஆனால் சென்ட்ரல் கிடையாது. எழும்பூரும் கிடையாது. இரண்டும் பிறகு வந்தவை. ஆனாலும் ரயில் ஓடுகிறது. மக்கள் எங்கே போய் ஏறியிருப்பார்கள்? நான் (உங்கள் பெயர்). வாருங்கள், 1856ஆம் ஆண்டுக்குப் போய் அந்த நிலையத்தைத் தேடுவோம்.”

ஒவ்வொரு வாக்கியமும் உடனே முடிகிறது. முதல் சொல்லைக் கவனியுங்கள். சில புளூடூத் இயர்போன்கள் உறக்கத்திலிருந்து விழிப்பதற்குள் ஒரு சொல்லை விழுங்கிவிடும். இங்கே ‘சென்னையில்’ காணாமல் போனாலும் அடுத்து வரும் சென்ட்ரல் அதை ஈடுகட்டிவிடுகிறது. அப்படி ஈடுகட்ட வழியில்லாத ஆண்டு, ஊர்ப்பெயர், ஆள்பெயர் ஆகியவற்றை முதல் வாக்கியத்தில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

எதிர்மறை எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள். ‘கட்டப்பட்டிருக்கவில்லை’ என்று எழுதினால், குரல் இறங்கும் கடைசி இரண்டு அசைகளில் ‘இல்லை’ ஒளிந்துகொள்கிறது. ரயில் இரைச்சலில் அது அமுங்கினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘கிடையாது’ என்றோ ‘கட்டவே இல்லை’ என்றோ தனிச்சொல்லாக்கி அழுத்திச் சொல்லுங்கள்.

‘காலை வணக்கம்’, ‘இன்று’, ‘நேற்று’ எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். எப்போது கேட்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ‘நீங்கள் இப்போது ரயிலில் இருப்பீர்கள்’ என்றும் வேண்டாம். பாதிப்பேர் பஸ்ஸில் இருப்பார்கள், சிலர் சமையலறையில்.

இங்கே மாதிரிகளை எழுத்துத் தமிழில் தந்திருக்கிறேன். ஒலிப்பதிவில் உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர்க்காரர் மைக் முன்னால் செய்தி வாசிப்பாளர் ஆகிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

படி 3: இசையைக் கேள்விக்குப் பிறகு வையுங்கள்

இசை நான்கைந்து நொடி போதும். குரலைவிடச் சத்தமாக இருக்கக் கூடாது. ரயில் பற்றிய எபிசோட் என்பதால் விசில் ஒலியைச் சேர்க்கத் தோன்றும். கார் ஓட்டிக்கொண்டே கேட்பவரை ஹாரன், சைரன், தொலைபேசி மணி எல்லாம் திடுக்கிட வைக்கும். விட்டுவிடுங்கள்.

படி 4: மாலையில் கேட்பவருக்காக முடிவை எழுதுங்கள்

‘தொடக்கத்தில் கேட்டேனே, அந்தப் புதிருக்கு விடை இப்போது தெரிந்திருக்கும்’ என்ற முடிவு எழுதும்போது அழகாகத் தோன்றும். பத்து மணி நேரம் கழித்துக் கேட்பவருக்கு எந்தப் புதிர் என்றே நினைவிருக்காது. கேள்வியை விடைக்குள்ளேயே திரும்ப வைத்துவிடுங்கள்:

“சென்ட்ரல் வருவதற்கு முன்னால் சென்னைக்காரர்கள் ரயில் ஏறிய இடம் ராயபுரம். அந்தப் பழைய நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் அதுதான். ஒருநாள் இறங்கிப் பாருங்கள். அந்த முதல் ரயில் போய்ச் சேர்ந்தது வாலாஜா ரோடு. அடுத்த எபிசோடில் நாமும் அங்கே போவோம்.”

எபிசோடின் நடுவில் இறங்கிப் போய், கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் கேட்பவருக்கும் இது புரியும். ஆனால் விடையை முதன்முறையாக இங்கே சொல்லாதீர்கள். பதினாறு, பதினேழாவது நிமிடத்திலேயே விரிவாகச் சொல்லிவிட வேண்டும். பலர் கடைசி நிமிடம்வரை வருவதில்லை.

‘இறுதியாக’, ‘விடைபெறும் முன்’ போன்ற சொற்கள் காதில் விழுந்ததும் விரல் அடுத்த எபிசோடுக்குப் போய்விடும். அவை இல்லாமல் நேராக வாக்கியத்துக்கு வாருங்கள்.

வேண்டுகோள் ஒன்றுக்கு மேல் கூடாது. அதுவும் கை தேவைப்படாததாக இருக்கட்டும். ‘கீழே உள்ள லிங்கை அழுத்துங்கள்’ என்றால் ஒரு கையில் பை, மறு கையில் கம்பி பிடித்தவர் என்ன செய்வார்? ‘ஒருநாள் இறங்கிப் பாருங்கள்’ என்பதே இந்த எபிசோடின் வேண்டுகோள். சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வதை இன்னொரு எபிசோடுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 5: சத்தத்தில் சோதியுங்கள்

இரண்டு பகுதிகளையும் கைபேசியில் பதிவுசெய்து, பஸ்ஸில் எஞ்சினுக்கு அருகே உட்கார்ந்து, வழக்கமான ஒலியளவில் கேளுங்கள். எழுதியவருக்கு எல்லாம் கேட்பதுபோலவே இருக்கும் என்பதால், ஸ்கிரிப்டைப் பார்க்காத ஒருவரிடமும் கொடுங்கள். தொடக்கத்தைக் காலையில் போட்டுக் காட்டி, மாலையில் கேள்வி என்னவென்று கேளுங்கள். ‘ஏதோ பழைய ரயில்’ என்றால் படி 1க்குத் திரும்ப வேண்டும். ‘எங்கே ஏறினார்கள் என்று’ என்றால் கேள்வி நின்றுவிட்டது. பிறகு முடிவை மட்டும் தனியாகப் போட்டு, விடை புரிகிறதா என்று பாருங்கள்.

கோப்பை ஏற்றுமதி செய்யும்போது கடைசிச் சொல்லுக்குப் பின் இரண்டு நொடி அமைதி விடுங்கள். பல ஆப்கள் அடுத்த எபிசோடைத் தாமாகவே தொடங்கிவிடுவதால், அந்த இரண்டு நொடி இல்லையென்றால் ‘போவோம்’ என்ற உங்கள் சொல்லின் மேலேயே வேறொருவரின் வணக்கம் வந்து விழும்.