சென்னை, லண்டன், டொராண்டோ: மூன்று ஊர்க் குழுவுக்கு ஒரு கூட்ட அழைப்பு எழுதுவது எப்படி?

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கம் செய்யும் சிறு தன்னார்வக் குழுவில் நான் இருக்கிறேன். சென்னையில் இருவர், லண்டனில் ஒருவர், டொராண்டோவில் இருவர் என்று மொத்தம் ஐந்து பேர். மாதம் ஒருமுறை வார இறுதியில் இணையவழியில் கூடுவோம். அதற்கான அழைப்பு மடலை எழுதுவது என் பொறுப்பு.

2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அதற்கு முந்தைய புதன்கிழமையே மடல் அனுப்பிவிட்டேன். சென்னை மாலை 6:30, லண்டன் பிற்பகல் 2:00, டொராண்டோ காலை 9:00 என்று அதில் தெளிவாக எழுதியிருந்தேன். நான்கு பேர் குறித்த நேரத்துக்கு வந்தோம், லண்டன் நண்பர் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, நாங்கள் விடைபெற்றுக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். அவர் தாமதிக்கவில்லை, நான் எழுதியிருந்தபடி அவருடைய கடிகாரத்தில் சரியாக இரண்டு மணிக்குத்தான் வந்திருந்தார். அன்று அதிகாலையில் பிரிட்டனில் கோடைகால நேரம் முடிந்து கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கப்பட்டிருந்தன. எங்களுடைய 6:30 அவருக்குப் பிற்பகல் 1:00 ஆகிவிட்டிருந்தது. புதன்கிழமை நான் பார்த்த நேர வித்தியாசம், புதன்கிழமைக்கு மட்டுமே சரியானது.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையை, 2026ஆம் ஆண்டின் இதே இக்கட்டான வாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு கீழே எழுதுகிறேன்.

படி 1: நேரத்துக்கு முன் நிரல்

கூட்டம் எவ்வளவு நேரம் நடக்கும் என்பது தெரியாமல் நேரத்தைத் தேட முடியாது, நிரலை எழுதாமல் அது தெரியவும் தெரியாது. "சொல் தேர்வு பற்றிப் பேசலாம்" என்பது நிரல் ஆகாது. கூட்டம் முடியும்போது எந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்க வேண்டும் என்பதை எழுதுவதுதான் நிரல். எங்களுடைய மூன்று கேள்விகள் இவை: "லாகின்" என்பதற்கு "உள்நுழை" என்று வைப்பதா, "புகுபதிகை" என்று வைப்பதா, தமிழ்நாட்டில் எழுதும் "கணினி"யும் இலங்கை வழக்கில் உள்ள "கணனி"யும் எங்கள் கோப்புகளில் கலந்து கிடக்கின்றன, எதை ஏற்பது, மீதமுள்ள வரிகளை யார் யார் மெய்ப்புப் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கும், அதைத் தொடங்கி வைப்பவரின் ஊரோ பெயரோ எழுதிவிட்டால் கூட்டல் தானாக வந்துவிடும். 15, 10, 10 என்று 35 நிமிடங்கள். இழுபறிக்குப் பத்து நிமிடம் சேர்த்தால் 45.

படி 2: நேரங்களைத் தேர்ந்தெடுத்தல்

என்னை வழுக்கிய இடம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவில் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கும். பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை கோடைகால நேரம். டொராண்டோவில் அது மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் மாத முதல் ஞாயிறு வரை. இரண்டு ஊர்களும் ஒரே நாளில் மாறாததால், இடைப்பட்ட நாள்களில் நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் வித்தியாசங்களில் ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் இருக்கும். 2026இல் லண்டன் அக்டோபர் 25 அன்றும் டொராண்டோ நவம்பர் 1 அன்றும் மாறுகின்றன.

நான் கூட்டம் வைக்க நினைப்பது அக்டோபர் 31, சனிக்கிழமை. அல்லது மறுநாள் ஞாயிறு. சனிக்கிழமை சென்னையில் மாலை 6:30 என்றால் லண்டனில் பகல் 1:00, டொராண்டோவில் காலை 9:00. மறுநாள் அதே 6:30க்கு லண்டனில் மாற்றமில்லை, ஆனால் டொராண்டோவில் காலை 8:00 மணிதான் ஆகியிருக்கும். சனிக்கிழமை வரியை நகலெடுத்துக் கிழமையை மட்டும் மாற்றி ஞாயிற்றுக்கிழமை வரியை உருவாக்கினால் டொராண்டோ நண்பர்கள் இருவரும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார்கள். ஆகையால், முன்மொழியும் நேரம் ஒவ்வொன்றையும் அந்தந்தத் தேதியைக் கொடுத்துத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

கைப்பேசியின் உலகக் கடிகாரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது இந்த நொடியின் வித்தியாசத்தைக் காட்டுவது. அக்டோபர் 22 அன்று மடல் எழுதும்போது லண்டனுக்கு நாலரை மணி நேரம் என்று காட்டும், கூட்ட நாளன்று அது ஐந்தரை. தேதியைக் கேட்கும் கருவிதான் வேண்டும். இணையத்தில் timeanddate.com தளத்தின் Meeting Planner எனக்குப் பிடித்தது, ஏனென்றால் ஊர்களையும் தேதியையும் கொடுத்தால் நாள் முழுவதையும் மணி மணியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு முனையத்தில் ஒரு வரி போதும்:

```
TZ=America/Toronto date -d 'TZ="Asia/Kolkata" 2026-11-01 18:30'
```

விடையில் 08:00 என்ற நேரமும் EST என்ற குறியும் இருக்கும். தேதியை 2026-10-31 என்று மாற்றினால் 09:00, EDT என்று வரும். லண்டனுக்கு Europe/London என்று கொடுக்கவும். மேக் கணினியில் உள்ள date கட்டளை இந்த -d வடிவத்தை ஏற்காது. அங்கே coreutils தொகுப்பை நிறுவிக்கொண்டு gdate என்று எழுத வேண்டும்.

எத்தனை நேரங்களை முன்மொழிவது? மூன்று போதும். ஒன்றே ஒன்று கொடுத்தால் அது கேள்வியாக இல்லாமல் கட்டளையாகிவிடும். ஆறு கொடுத்தால் யாரும் கடைசி வரை படிப்பதில்லை. மூன்றும் ஒரே ஊரின் வசதிக்கு வளைந்து கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழேயுள்ள மடலில் ஞாயிறு நேரத்தை 7:30க்குத் தள்ளியிருப்பது அதற்காகத்தான்; விடுமுறை நாளில் டொராண்டோவில் எட்டு மணிக்கு எழுப்புவதைவிடச் சென்னையில் நாங்கள் இருவரும் சற்றுத் தாமதமாகச் சாப்பிடுவது நியாயமாகப் பட்டது.

படி 3: மடல்

தலைப்பு: கூட்டம், 45 நிமிடம்: மூன்று முடிவுகள். அக்டோபர் 28க்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

கீழ்க்காணும் மூன்று நேரங்களில் உங்களுக்கு ஒத்துவரும் எல்லாவற்றின் எழுத்தையும் (அ, ஆ, இ) பதிலில் குறிப்பிடுங்கள். அந்த வாரத்தில் லண்டனும் டொராண்டோவும் வெவ்வேறு நாள்களில் கடிகாரத்தை மாற்றுகின்றன. கீழே உள்ளவை அந்தந்த நாளில் உங்கள் கடிகாரம் காட்டப்போகும் நேரங்கள்; நீங்கள் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.

அ. சனி, 31 அக்டோபர் 2026: சென்னை மாலை 6:30 | லண்டன் பகல் 1:00 | டொராண்டோ காலை 9:00
ஆ. சனி, 31 அக்டோபர் 2026: சென்னை இரவு 8:30 | லண்டன் பிற்பகல் 3:00 | டொராண்டோ காலை 11:00
இ. ஞாயிறு, 1 நவம்பர் 2026: சென்னை இரவு 7:30 | லண்டன் பிற்பகல் 2:00 | டொராண்டோ காலை 9:00

நிரல்:
1. "உள்நுழை" அல்லது "புகுபதிகை": முடிவு. தொடங்குபவர்: லண்டன். 15 நிமிடம்
2. "கணினி" அல்லது "கணனி": முடிவு. தொடங்குபவர்: டொராண்டோ. 10 நிமிடம்
3. மெய்ப்புப் பணி: பங்கீடு. தொடங்குபவர்: சென்னை. 10 நிமிடம்

படித்துவிட்டு வர வேண்டியது: இணைப்பில் உள்ள இரண்டு பக்கச் சொல் ஒப்பீடு.

பதிலுக்குக் கடைசி நேரம்: புதன், 28 அக்டோபர், சென்னை இரவு 9:00 (லண்டன் பிற்பகல் 3:30, டொராண்டோ காலை 11:30). அதற்குள் வரும் பதில்களில் மிகுதியானோருக்கு ஒத்துவரும் நேரம் உறுதியாகும். வர இயலாதவர்கள் 1, 2 பற்றிய தங்கள் கருத்தை மடலிலேயே எழுதிவிடலாம்.

மடலில் நான் வேண்டுமென்றே தவிர்த்தவை சில உண்டு. IST, EST போன்ற சுருக்கங்கள் இல்லை. IST என்பது இந்தியாவுக்கு மட்டுமன்றி அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் வழங்குகிறது. EST என்பது டொராண்டோவின் குளிர்கால நேரத்துக்கு மட்டுமே உரியது. கோடைகால நேரம் இருக்கும் அக்டோபரில் "9 EST" என்று எழுதினால், அதை எழுத்துப்படி எடுத்துக்கொள்பவர் டொராண்டோக் கடிகாரத்தில் பத்து மணிக்கு வருவார். ஊர்ப் பெயருக்கு இந்தக் குழப்பம் கிடையாது. தேதியையும் 1/11 என்று எண்ணால் எழுதுவதில்லை, வட அமெரிக்காவில் பலர் அதை ஜனவரி 11 என்று படிப்பார்கள். கிழமையைச் சேர்த்து எழுதுவதால் தேதியில் எழுத்துப்பிழை இருந்தால்கூட யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

ஐந்தாறு பேருக்கு வாக்கெடுப்புச் செயலிகள் தேவையில்லை என்பது என் கருத்து. எழுத்தைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுவது அதைவிட விரைவாக முடிகிறது.

படி 4: நாட்காட்டி அழைப்பு

நேரம் உறுதியானதும் அன்றே நாட்காட்டி அழைப்பை அனுப்பிவிடுங்கள். கூகுள் நாட்காட்டியில் நேரத்துக்கு அருகில் உள்ள Time zone என்பதைத் திறந்து, ஊரின் மண்டலம் சரிதானா என்று பாருங்கள். பயணத்தில் இருக்கும் மடிக்கணினி சில நேரம் வேறு மண்டலத்தில் நிற்கும். நிரலை அழைப்பின் விளக்கப் பகுதியிலும் ஒட்டுங்கள். பெறுபவரின் நாட்காட்டி அவருடைய ஊர் நேரத்தைத் தானே காட்டும். அது மடலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே தெரிவிக்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 2025இல் நான் அழைப்பு அனுப்பியிருந்தால் லண்டன் நண்பரின் நாட்காட்டியே என் பிழையைக் காட்டியிருக்கும்.

பின்சேர்க்கை: ஒவ்வொரு வாரமும் நடக்கும் கூட்டம்

வாராந்தரக் கூட்டத்துக்கு இந்த முறை பொருந்துமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே அழைப்பை எந்த ஊரின் மண்டலத்தில் உருவாக்குகிறோம் என்பதே முக்கியம். ஞாயிறு மாலை 6:30 என்று Asia/Kolkata மண்டலத்தில் உருவாக்கினால் சென்னையில் அது என்றும் 6:30தான். ஆனால் டொராண்டோவில் கோடையில் ஒன்பது மணி, குளிர்காலத்தில் எட்டு மணி. காலை 9:00 என்று America/Toronto மண்டலத்தில் உருவாக்கினால் அவர்களுக்கு மாற்றமில்லை. நமக்கு நவம்பர் முதல் 7:30 ஆகிவிடும். லண்டனில் இருப்பவருக்கு ஆண்டின் பெரும்பகுதி பிற்பகல் 2:00 மணி, 2026இல் மார்ச் 8, 15, 22, அக்டோபர் 25 ஆகிய நான்கு ஞாயிறுகளில் மட்டும் பகல் 1:00 மணி. காலையில் குழந்தைகளைக் கிளப்ப வேண்டியிருக்கும் வீடு எந்த ஊரில் அதிகமோ, அந்த ஊரின் மண்டலத்தை எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். மேற்சொன்ன நான்கு ஞாயிறுகளுக்கு முந்தைய வியாழக்கிழமைகளில் மட்டும் மூன்று ஊர் நேரங்களையும் எழுதிய ஒரு நினைவூட்டல் மடலை அனுப்பிவிடுகிறேன்.