‘விளக்கு எரியல’ என்று மட்டும் எழுதினால்: தெருவிளக்குப் புகாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு முனையில் ஒரு கம்பம். அதில் இருந்த விளக்குக்காக ஐந்து மாதத்தில் நான்கு முறை புகார் கொடுத்தேன். முதல் மூன்று முறையும் ஆள் வந்தார், விளக்கு எரிந்தது, சில வாரத்தில் மறுபடி இருட்டு. கோபம் வந்தது உண்மை. ஆனால் நான் கொடுத்த மனுக்களின் நகல்களை ஒருநாள் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, முதல் இரண்டும் எப்படி எழுதப்பட்டிருந்தன என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. ‘எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, ஆவன செய்யவும்.’ அவ்வளவுதான்.

முதல் தவறு அங்கேதான். எங்கள் தெருவில் பதினோரு கம்பம் இருக்கிறது. எந்தக் கம்பம் என்று சொல்லாத மனுவை எடுத்துக்கொண்டு வரும் வயர்மேன் பகலில்தான் வருவார். பகலில் எல்லா விளக்கும் அணைந்துதான் இருக்கும். கம்பத்தில் பெயின்ட்டில் எழுதிய எண் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். மழையிலும் போஸ்டரிலும் எண் அழிந்திருந்தால், எதிர் வீட்டுக் கதவு எண்ணை எழுதி, ‘டிரான்ஸ்பார்மரிலிருந்து நான்காவது கம்பம்’ என்று எண்ணிச் சொல்லுங்கள். ‘டீக்கடை பக்கத்தில்’ என்பது நமக்குத்தான் விலாசம்.

அடுத்தது, ‘எரியவில்லை’ என்ற ஒற்றைச் சொல். ஒரு விளக்கு எப்படி எரியவில்லை என்பதைப் பார்த்தாலே, பழுது ஏறக்குறைய எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு கம்பம் மட்டும் இருட்டாக இருந்து முன்னும் பின்னும் எரிந்தால், கோளாறு அந்த விளக்கிலோ அதற்குப் போகும் வயரிலோதான். தெரு முழுக்க வரிசையாக இருட்டாக இருந்து வீடுகளில் கரண்ட் இருந்தால், தெருவிளக்குக்கான ஸ்விட்ச் பெட்டியையோ ஃபியூஸையோ பார்க்க வேண்டும். வீடுகளும் இருண்டிருந்தால் அது மின்வாரியத்தின் வேலை; வார்டு அலுவலகத்தில் காத்திருந்து பயனில்லை. விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து அணைந்து, தானாகவே மறுபடி எரிந்தால், பழைய சோடியம் விளக்காக இருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது, எல்.இ.டி. என்றால் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சூடாகி நின்று நின்று வேலை செய்கிறது என்று சந்தேகப்படலாம்.

எங்கள் கம்பத்து விளக்கு இதில் எதுவும் இல்லை. காற்று அடிக்கும் இரவில் மட்டும் கண் சிமிட்டும். காற்று அடங்கினால் ஒழுங்காக எரியும். ஒருநாள் சிமிட்டிச் சிமிட்டி அணைந்தே போகும். இதைத் தினமும் பார்த்த நான், ஒரு மனுவிலும் எழுதவில்லை. எழுதாததால் வந்தவர் செய்யக்கூடியதைச் செய்தார்: விளக்கை மாற்றினார்.

நான்காவது முறைதான் ஒரு பள்ளி நோட்டில் பழையதையெல்லாம் தோண்டி எடுத்து எழுதினேன். இப்படித்தான் இருந்தது:

ஜூன் 9: இருட்டு. நேரில் மனு, பதிவு எண் வாங்கவில்லை. ஜூன் 13: புது விளக்கு.
ஜூலை 6: காற்றில் சிமிட்டல், 8ஆம் தேதி இருட்டு. போனில் புகார், எண் உண்டு. ஜூலை 11: புது விளக்கு.
ஆகஸ்ட் 14: மழை, காற்று, இருட்டு. மனு, எண் உண்டு. ஆகஸ்ட் 20: விளக்கு, ஹோல்டர் இரண்டும் மாற்றம்.
அக்டோபர் 3: மறுபடி இருட்டு.

இந்த நான்கு வரியை மனுவோடு சேர்த்துக் கொடுத்தபோது, இளநிலைப் பொறியாளர் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: ‘சார், காத்துலதான் சிமிட்டுதா?’ மறுநாள் ஏணி வைத்துப் பார்த்தார்கள். மேலே போகும் மின்கம்பியில் விளக்குக்கான வயரைச் சுற்றிய இடம் கறுத்துப் பொடிந்திருந்தது. கம்பி அலுமினியம், வயர் செம்பு. இரண்டையும் நேரடியாக முறுக்கி விட்டால் ஈரத்தில் அந்த இணைப்பு அரித்துக்கொண்டே போகும்; கடலோரத்து உப்புக் காற்றில் இன்னும் வேகமாக. காற்றில் வயர் ஆடும்போதெல்லாம் அங்கே பொறி பறக்கும், மின்சாரம் விட்டு விட்டு வரும், அதில் எல்.இ.டி. விளக்கின் டிரைவர் அடிபடும். எத்தனை புது விளக்கு போட்டாலும் இதுதான் கதி. இணைப்பைச் சரி செய்ய மின்வாரியத்திடம் ‘எல்.சி.’ என்னும் அனுமதி வாங்கி லைனை நிறுத்த வேண்டியிருந்ததால் இரண்டு நாள் கூடுதலாக ஆயிற்று.

விளக்கு மாநகராட்சியுடையது, மேலே ஓடும் கம்பி மின்வாரியத்துடையது. இந்த எல்லைக்கோட்டில் இருக்கும் பழுதுதான் அடிக்கடி திரும்பி வரும் என்பது என் அனுபவம்.

இதில் நான் செய்த பெரிய தவறு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் புதுப் புகாராகக் கொடுத்தேன், பழைய எண்ணைக் குறிப்பிடவே இல்லை. பதிவேட்டில் அது மூன்று தனித்தனிப் புகார், மூன்றும் ‘சரி செய்யப்பட்டது’. பொய்யும் இல்லை, அன்றைக்கு எரிந்தது. புது மனுவின் முதல் வரியிலேயே ‘இதே கம்பத்துக்கு இதற்கு முன் கொடுத்த புகார் எண்கள்’ என்று எழுதினால்தான் பார்ப்பவருக்கு இது திரும்பி வரும் பழுது என்று புரியும். நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். போனில் சொன்னால் எண்ணைக் கேட்டு, அந்த நிமிடமே எழுதிக்கொள்ளுங்கள். கவுன்சிலரிடம் வாய்மொழியாகச் சொல்வது நல்லதுதான், ஆனால் அது பதிவு ஆகாது. தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் அப்படித்தான்.

எரிய ஆரம்பித்த தேதியை யாரும் குறிப்பதில்லை. நானும் முதலில் குறிக்கவில்லை. சரி செய்த நாளும் மறுபடி போன நாளும் சேர்ந்தால்தானே எத்தனை நாள் தாங்கியது என்று தெரியும்? என்ன மாற்றினார்கள் என்பதையும் கீழே நின்று கேட்டு எழுதிவிடுங்கள். வயர்மேன்கள் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

போட்டோ விஷயத்தில் ஒரு சங்கதி. இப்போதைய போன்களில் இருக்கும் நைட் மோட், கும்மிருட்டுத் தெருவையும் பௌர்ணமி மாதிரி காட்டிவிடும். அதை அணைத்துவிட்டு, பக்கத்துக் கம்பத்தில் எரியும் விளக்கும் படத்துக்குள் வருகிற மாதிரி எடுங்கள். அது எரிகிறது, இது எரியவில்லை என்பது ஒரே படத்தில் தெரியும்.

மழையில் கம்பத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, வயர் தொங்குகிறது என்றால் நோட்டும் வேண்டாம், மனுவும் வேண்டாம். யாரையும் கிட்டே விடாமல் உடனே மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வார்டு அலுவலகத்தோடு முடியாவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100, அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். இரண்டுக்கும் பழைய எண்களை எடுத்துக்கொண்டு போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதானால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் ‘ஏன் விளக்கு எரியவில்லை?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்கு விளக்கம் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல, கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தருவார்கள். ‘இந்த எண்ணுள்ள புகார்களில் எந்தத் தேதியில் என்ன வேலை நடந்தது, என்ன பொருள் மாற்றப்பட்டது என்ற பதிவின் நகல்’ என்று கேளுங்கள். வந்த நகலையும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.