வரலாற்றுக் காலவரிசை அட்டவணை: 1919 முதல் 1922 வரை ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஜாலியன் வாலாபாக் படுகொலை எப்போது நடந்தது என்று கேட்டால், 13 ஏப்ரல் 1919 என்று உடனே சொல்லிவிடுவார்கள். அன்று அங்கே ஏன் கூட்டம் கூடியது என்று கேட்டால் பலர் யோசிக்க ஆரம்பிப்பார்கள். தேதியைத் தனியாகவும் காரணத்தைத் தனியாகவும் படித்ததால் வரும் சிக்கல் இது. தேதி, நிகழ்வு, காரணம், முக்கியத்துவம் என்ற நான்கு கட்டங்களையும் ஒரே வரிசையில் எழுதினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். ரௌலட் சட்டத்தில் தொடங்கி ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்படும் வரையிலான மூன்று ஆண்டுகளை வைத்து ஓர் அட்டவணை போடுவோம்.

முதலில் தாளும் கோடும்

ஏ4 தாளைப் படுக்கை வாக்கில் வையுங்கள். தேதிக்கு 3 செ.மீ., நிகழ்வுக்கு 6 செ.மீ. போதும். மீதி இடத்தைக் காரணத்துக்கும் முக்கியத்துவத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். நான்கையும் ஒரே அகலத்தில் போட்டால் தேதிக் கட்டம் காலியாகக் கிடக்கும், காரணக் கட்டத்தில் எழுத்து நெரியும். ஒரு தாளில் ஆறு வரிசைகளுக்கு மேல் வேண்டாம்.

நிகழ்வையும் தேதியையும் மட்டும் நிரப்புங்கள்

பாடப்புத்தகத்தைத் திறந்து முதல் இரண்டு கட்டங்களை மட்டும் எழுதுங்கள். நிகழ்வு என்றால் ஒரு நாளில் நடந்தது. ‘ஒத்துழையாமை இயக்கம்’ என்று எழுதினால் அது ஒன்றரை ஆண்டுக்கு நீளும். ‘ஒத்துழையாமை இயக்கம் தொடக்கம்’, ‘நிறுத்தம்’ என்று இரண்டு வரிசையாக்குங்கள்.

சில தேதிகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். சௌரி சௌரா சம்பவத்துக்கு 4 பிப்ரவரி 1922 என்றும் 5 பிப்ரவரி என்றும் போட்டிருப்பார்கள். தேர்வுக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள்.

காரணக் கட்டம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஜாலியன் வாலாபாக் வரிசையை எடுத்துக்கொள்வோம். ‘ஜெனரல் டயர் சுடச் சொன்னார்’ என்று காரணக் கட்டத்தில் எழுதும் மாணவர்கள் நிறையப் பேர். அது காரணம் இல்லை, நிகழ்வேதான். நிகழ்வை வேறு வார்த்தையில் திருப்பி எழுதியிருக்கிறோமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் காரணம் எது? மூன்று நாள் பின்னால் போங்கள். ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸின் தலைவர்களான சைபுதீன் கிச்லுவையும் சத்யபாலையும் அரசு பிடித்து ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனது. அதைக் கண்டித்துப் போன கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, ஊரில் கலவரம் மூண்டது. 13ஆம் தேதி காலை டயர் கூட்டங்களுக்குத் தடை விதித்தார். அன்று பைசாகித் திருநாள். வெளியூரிலிருந்து வந்த பலருக்கு அந்தத் தடையே தெரியாது. இவை உடனடிக் காரணங்கள். இன்னும் பின்னால் போனால் ரௌலட் சட்டம் நிற்கிறது. கிச்லுவும் சத்யபாலும் அதை எதிர்த்துத்தான் மக்களைத் திரட்டினார்கள். அது பின்னணிக் காரணம்.

ஆகவே காரணக் கட்டத்துக்குள் இரண்டு வரி எழுதுங்கள்: மேலே ‘பின்னணி’, கீழே ‘உடனடி’. ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால் இந்த இரண்டு வரியை விரித்தாலே பாதி விடை வந்துவிடும்.

அப்புறம் ஒரு சோதனை. காரணத்தின் தேதி நிகழ்வின் தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்துழையாமை இயக்கத்துக்குக் காரணமாக, முதல் உலகப் போரில் தோற்ற துருக்கியுடன் போடப்பட்ட ‘செவ்ரெஸ் உடன்படிக்கை’ என்று எழுதும் வழக்கம் உண்டு. இயக்கம் தொடங்கியது 1 ஆகஸ்ட் 1920. உடன்படிக்கை கையெழுத்தானது ஆகஸ்ட் 10. ஒன்பது நாள் கழித்து நடந்தது எப்படிக் காரணமாகும்? துருக்கி மீது விதிக்கப்பட இருந்த கடுமையான நிபந்தனைகள் அந்த ஆண்டு மே மாதமே வெளியாகிவிட்டன. துருக்கி சுல்தானைக் கலீபாவாக ஏற்று அவருக்காகப் போராடிய கிலாபத் இயக்கத்தினரைக் கொதிக்க வைத்தது அந்தச் செய்திதான். காரணமாக அதை எழுதினால் தேதி இடிக்காது.

முக்கியத்துவம்: எது மாறியது?

‘இது இந்திய வரலாற்றில் மிக முக்கியமான நிகழ்வு’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. அந்த வாக்கியம் எந்த வரிசைக்கும் பொருந்தும். இதற்குப் பிறகு யாருடைய நிலை மாறியது என்று கேளுங்கள். ஜாலியன் வாலாபாக்கில் அரசுக் கணக்குப்படியே 379 பேர் இறந்தார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை முக்கியத்துவக் கட்டத்துக்கு உரியது அல்ல, நிகழ்வுக் கட்டத்துக்கு உரியது. தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார், ஆங்கிலேயரின் நீதி மீது காந்திக்கு இருந்த நம்பிக்கை உடைந்தது. இவைதான் மாற்றங்கள்.

ஆறு வரிசையும் நிரம்பிய பின் அட்டவணை இப்படி இருக்கும்:

| தேதி | நிகழ்வு | காரணம் | முக்கியத்துவம் |
|---|---|---|---|
| 18 மார்ச் 1919 | ரௌலட் சட்டம் நிறைவேறியது | பின்னணி: புரட்சியாளர் மீதான அச்சம். உடனடி: போர்க்கால அதிகாரங்கள் முடியும் நிலை | விசாரணையின்றிச் சிறை வைக்க வழி, நாடு முழுவதும் எதிர்ப்பு |
| 6 ஏப்ரல் 1919 | நாடு தழுவிய கடையடைப்பு | ரௌலட் சட்டம் | காந்தி அகில இந்தியத் தலைவரானார் |
| 13 ஏப்ரல் 1919 | ஜாலியன் வாலாபாக் படுகொலை. அரசுக் கணக்கில் 379 பேர் பலி | பின்னணி: ரௌலட் எதிர்ப்பு. உடனடி: தலைவர்கள் கைது, கூட்டத் தடை | தாகூர் பட்டம் துறந்தார், ஆங்கிலேய நீதி மீது நம்பிக்கை போனது |
| 1 ஆகஸ்ட் 1920 | ஒத்துழையாமை இயக்கம் தொடக்கம் | பின்னணி: பஞ்சாப் கொடுமை. உடனடி: துருக்கி மீதான நிபந்தனைகள் | இந்து, முஸ்லிம் மக்கள் ஒன்றாகப் போராடினர் |
| 4 பிப்ரவரி 1922 | சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிப்பு | ஊர்வலத்தின் மீது போலீசார் சுட்டது | அகிம்சைக்கு மக்கள் இன்னும் தயாரில்லை என்று காந்தி முடிவு செய்தார் |
| 12 பிப்ரவரி 1922 | பர்தோலியில் இயக்கம் நிறுத்தம் | சௌரி சௌரா | காங்கிரசுக்குள் கருத்து வேறுபாடு. 1923இல் சுயராஜ்ஜியக் கட்சி |

இரண்டாவது வரிசையில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. நாடு முழுக்கக் கடையடைக்கலாம் என்ற எண்ணம் காந்திக்கு வந்தது சென்னையில் தங்கியிருந்தபோதுதான். விடியற்காலையில் அதை அவர் முதலில் சொன்னது ராஜாஜியிடம். இப்படி ஒரு குறிப்பை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தால் அந்த வரிசை மறக்காது.

அம்புக்குறி

இப்போது சிவப்புப் பேனாவை எடுங்கள். ஒரு வரிசையின் முக்கியத்துவம் கீழே வேறொரு வரிசையின் காரணமாக வந்திருந்தால், இரண்டையும் அம்புக்குறியால் இணையுங்கள். ரௌலட் எதிர்ப்பிலிருந்து இரண்டாவது, மூன்றாவது வரிசைகளுக்கும், மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கும், ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்கும் அம்பு போகும்.

நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு அம்பு போட முடிகிறதா? நாம் எழுதியபடி பார்த்தால் முடியாது. அந்த ஊர்வலமே ஒத்துழையாமைத் தொண்டர்களுடையது என்ற பின்னணி வரி ஐந்தாவது வரிசையில் விடுபட்டிருக்கிறது. அம்பு நிற்கும் இடத்தில் ஏதோ ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறோம் என்று பொருள். அந்த வரியைச் சேர்த்துவிட்டு அம்பைப் போடுங்கள்.

திருப்புதல்

நிகழ்வுக் கட்டம் முடியும் கோட்டில் தாளைப் பின்னால் மடித்தால் காரணமும் முக்கியத்துவமும் மறைந்துவிடும். தேதியையும் நிகழ்வையும் மட்டும் பார்த்து மற்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து, வெற்றுத் தாளில் கோடு போட்டு, காரணக் கட்டத்தை மட்டும் மனதிலிருந்து எழுதி, அதை வைத்து நிகழ்வைக் கண்டுபிடியுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த வரிசைக்கு மட்டும் பாடப்புத்தகத்தை மறுபடி திறந்தால் போதும்.