கிரிப்டோ சார்ட்டைச் சுத்தம் செய்வது எப்படி: விலை, வால்யூம், இரண்டு இன்டிகேட்டர்

புதிதாக டிரேடிங் பழகுபவர்களின் சார்ட்டில் ஆர்எஸ்ஐ, ஸ்டோகாஸ்டிக், சிசிஐ என்ற மூன்று இன்டிகேட்டர்களும் கீழே அடுக்கடுக்காக நிற்கும். மூன்றுமே விலையிலிருந்து கணக்கிடப்படுபவை, அதனால் விலை வேகமாக ஏறினால் மூன்றும் சேர்ந்தே ஏறும். ஒரே ஆள் மூன்று முறை சொன்னதை மூன்று சாட்சிகள் என்று எடுத்துக்கொண்டு பணத்தை இறக்கிவிடுகிறோம். ஒன்று போதும்.

1. காலி செய்யுங்கள்

டிரேடிங்வியூவில் `BTCUSDT` சார்ட்டை ஒரு நாள் கேண்டிலில் திறந்து, இப்போதிருப்பதை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சார்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, இன்டிகேட்டர்களையும் வரைந்த கோடுகளையும் மொத்தமாக நீக்குங்கள். கேண்டில்கள் மட்டும் மிஞ்ச வேண்டும்.

2. வால்யூம்

`Indicators` பட்டனை அழுத்தி `Volume` சேருங்கள். இது நீங்கள் தேர்ந்தெடுத்த எக்ஸ்சேஞ்சின் வால்யூம் மட்டுமே. இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று மாற்றினால் ஒப்பிடவே முடியாது. இன்னும் முடிவடையாத கேண்டிலின் வால்யூம் பெரும்பாலும் குறைவாகத்தான் தெரியும். நாள் கேண்டில் நம் நேரப்படி காலை 5:30 மணிக்கு முடிகிறது. அதன்பிறகு பாருங்கள்.

3. இரண்டு இன்டிகேட்டர்

திசைக்கு `Moving Average Exponential`. அதன் `Length` 9 என்று வரும், 50 ஆக்குங்கள். இதுதான் 50 நாள் கோடு. வேகத்துக்கு `Relative Strength Index`, 14 அப்படியே இருக்கட்டும். ஆர்எஸ்ஐ-யோடு கூடவே ஒரு சராசரிக் கோடும் வரும். `Style` பகுதியில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி நெரிசல்தான்.

4. எந்த வரிசையில் படிப்பது

முதலில் 50 நாள் கோடு, அடுத்து வால்யூம், கடைசியில்தான் ஆர்எஸ்ஐ. இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை உங்கள் சார்ட்டிலேயே பார்க்கலாம். சார்ட்டை 2020 டிசம்பர் வரை பின்னோக்கி நகர்த்துங்கள். டிசம்பர் 16 அன்று பிட்காயின் முதல்முறையாக 20,000 டாலரைத் தாண்டியது. அடுத்த நாளே ஆர்எஸ்ஐ 70-க்கு மேல் நிற்கிறது. அதை மட்டும் பார்த்தவர் 'அதிகம் ஏறிவிட்டது' என்று விற்றிருப்பார். ஆனால் விலை 50 நாள் கோட்டுக்கு வெகு மேலே, கோடும் மேல்நோக்கி, தாண்டிய நாளில் வால்யூமும் பெரிது. ஜனவரி தொடக்கத்தில் விலை 40,000-ஐத் தொட்டது. ஏறும் சந்தையில் 70 என்பது விற்கச் சொல்லும் மணி அல்ல, அவசரமாக வாங்காதே என்று சொல்லும் எண் என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த அமைப்பு சறுக்கும் இடமும் உண்டு. 50 நாள் கோடு படுக்கையாகி, விலை அதை வாரத்தில் இரண்டு மூன்று முறை மேலும் கீழுமாகக் கடந்தால், சந்தைக்குத் திசையே இல்லை என்று அர்த்தம். அப்போது ஒவ்வொரு கடப்பும் பொய்யான சிக்னல். இன்னொரு இன்டிகேட்டர் சேர்க்கத்தான் கை போகும். சேர்க்காமல், கோடு மறுபடி மேலோ கீழோ சாயும்வரை அந்த நாணயத்தை விட்டு வையுங்கள்.